ஒரு கறவை மாட்டில் கையில் எவ்வளவு நிற்கும்? வாங்குவதிலிருந்து இரண்டாவது மாடு வரை

வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு மாடு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது நான் போட்ட கணக்கு இதுதான். நாளுக்கு 12 லிட்டர், லிட்டர் 35 ரூபாய், மாதம் 12,600. தீவனத்துக்கு 5,000 போனால் மீதி 7,600. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டமும் பழைய கட்டுத்தரையும் இருந்தன. 58,000 ரூபாய்க்கு ஒரு ஜெர்சி கலப்பின மாடு வாங்கினோம்.

ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்று வரையான காலம்தான் ஒரு ஈத்து. அந்த ஈத்து முடிந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது 14 மாதத்துக்கும் சேர்த்து 13,000 ரூபாய்தான் நின்றது. அடுத்த ஈத்தில் அதே மாட்டில் 50,000 நின்றது. இடையில் என்ன மாறியது என்பதை நீங்கள் ஒரு ஈத்தை இழக்காமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் சொல்லும் விலைகள் எங்கள் ஊர் விலைகள். உங்கள் ஊரில் ஐந்து ரூபாய் முன்னே பின்னே இருக்கும், முறை ஒன்றுதான்.

1. கணக்கை மாதத்துக்குப் போடாதீர்கள், ஈத்துக்குப் போடுங்கள்

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதத்தில் மாடு கொடுக்கும் பாலைத்தான் விற்பவர் சொல்வார். அதற்குப் பிறகு பால் மெல்ல இறங்கும். என் மாடு ஆரம்பத்தில் 10 லிட்டர் கொடுத்தது. ஐந்தாம் மாதம் எட்டரை, எட்டாம் மாதம் ஏழு, கடைசி நான்கு மாதம் நான்கரை. அப்புறம் அடுத்த கன்றுக்கு முன்னால் 60 நாள் கறவையை நிறுத்தி வற்ற விட வேண்டும். அந்த 60 நாளும் மாடு சாப்பிடும், ஒரு பைசா வராது.

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று ஈன்ற மூன்றாம் மாதத்தில் சினை பிடித்தால் அடுத்த கன்று ஒரு வருடத்துக்குச் சற்று மேலே வந்துவிடும். என் மாடு 145-ஆம் நாள்தான் பிடித்தது. 145-உம் 280-உம் சேர்த்து 425 நாள். தாமதமான நாட்களெல்லாம் பால் குறைந்த நாட்களாகவே வந்து சேரும். அதனால் 12 லிட்டர் மாடு என்று வாங்கினால், ஈத்து முழுக்கச் சராசரி 6 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டும் கட்டுப்படியானால் வாங்குங்கள்.

2. மாடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே புல் நடுங்கள்

எல்லோரும் மாட்டை வாங்கிவிட்டுப் புல்லைப் பற்றி யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டதிலிருந்து முதல் அறுப்புக்கு 75, 80 நாள் ஆகும். அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. முதல் ஈத்தின் பெரும்பகுதி நான் பசும்புல் இல்லாமல் வைக்கோலும் மூட்டைத் தீவனமும் போட்டே ஓட்டினேன். அந்த ஒரு தவறு ஏறக்குறைய 10,000 ரூபாய்.

புல்லுக்கு 12 சென்ட் போதும். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் கரணை நட்டால் 12 சென்டுக்கு 1,700 கரணை பிடிக்கும். கரணையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் புல் வைத்திருப்பவரிடம் முற்றிய தண்டாகக் கேட்டு வாங்கி, இரண்டு கணு இருக்கும்படி வெட்டிக்கொள்ளலாம். இடத்தை 45 பாத்தியாகப் பிரித்து நாளுக்கு ஒரு பாத்தி அறுத்தால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி தயாராக இருக்கும். முற்ற விட்டால் தண்டு கட்டையாகிவிடும், மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும்.

நேப்பியர் மட்டும் போதாது. வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் வையுங்கள். நாளுக்கு 20 கிலோ நேப்பியரோடு 5 கிலோ வேலிமசால் கிடைத்தால் மாட்டின் உடம்புக்கு வேண்டியதைப் பெரும்பாலும் பச்சையே பார்த்துக்கொள்ளும். மூட்டைத் தீவனம் பாலுக்கு மட்டும் போட்டால் போதும். மிச்சம் எங்கே வருகிறது என்று கேட்டால் இங்கேதான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. சோளப்பயிரைப் பூக்கும் முன்னால், அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரை, அறுத்துப் போடாதீர்கள். அறுத்த தாளில் துளிர்க்கும் இளங்கிளையில் மாட்டை மேயவும் விடாதீர்கள். அதில் இருக்கும் நச்சு கொஞ்ச நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும்.

3. மாடு வாங்குவது: மூன்று கறவை பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு வியாழக்கிழமை போனால் எல்லாத் திசையிலிருந்தும் மாடு வந்து நிற்கும். விலை நிலவரம் தெரிந்துகொள்ள ஒருமுறை போய்ச் சுற்றிப் பாருங்கள். ஆனால் முதல் மாட்டை வீட்டில் கட்டியிருக்கும் இடத்தில் வாங்குவதுதான் நல்லது. சந்தைக்கு வரும் மாட்டைச் சிலர் ஒரு வேளை கறக்காமல் மடி நிறைய ஓட்டி வருவார்கள். பார்க்கிறவருக்கு அது பெரிய மடி. கறந்தால் ஒன்றரை வேளைப் பால் வரும். எனக்கு விற்றவர் என் கண் முன்னால் கறந்துதான் காட்டினார், ஒரே வேளையில் 6 லிட்டருக்கு மேல் இருந்தது. அதை இரண்டால் பெருக்கி 12 என்று நம்பினேன்.

முதல் நாள் சாயந்திரம், அடுத்த நாள் காலை, அன்றைய சாயந்திரம் என்று மூன்று கறவைக்கு நேரில் நில்லுங்கள். முதல் கறவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மடியைக் காலி செய்வதற்கு. அடுத்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ஒரு நாள் பால். முடியாது என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

கறக்கும்போது நான்கு காம்பிலும் முதல் பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரியோ, தண்ணீர் மாதிரியோ வந்தால் மடிநோய் வந்த மாடு. கறந்து முடித்ததும் மடி துணி மாதிரி சுருங்க வேண்டும். கறந்த பிறகும் கல் மாதிரி இருந்தால் அது சதை, பால் அல்ல. இரண்டாம் ஈத்து மாடு, கன்று போட்டு இரண்டு மூன்று வாரம் ஆனது, சொந்தக் கன்றோடு இருப்பது கிடைத்தால் நல்லது.

வந்த முதல் வாரம் இடம் மாறியதால் பால் குறையும். அதற்குப் பயந்து தீவனத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். பழைய வீட்டில் என்ன போட்டார்கள் என்று கேட்டு, அதையே ஒரு வாரம் போட்டு, மெல்ல மாற்றுங்கள்.

எருமை வாங்கலாமா என்று கேட்பீர்கள். பாலில் கொழுப்பும் விலையும் அதிகம்தான். ஆனால் கோடையில் அது பருவத்துக்கு வருவதைக் கண்டுபிடிப்பது புதிதாக வருபவருக்கு மிகக் கடினம், சினைக்காலமும் பத்து மாதத்துக்கு மேல். குளமோ வாய்க்காலோ பக்கத்தில் இல்லாவிட்டால் முதல் மாடு பசுவாகவே இருக்கட்டும்.

4. காகிதங்கள்: மாடு வந்த வாரத்திலேயே முடியுங்கள்

முதலில் காது வில்லை. 12 இலக்க எண் உள்ள மஞ்சள் வில்லை மாட்டின் காதில் இருக்கும். விற்றவரிடம் அந்த எண்ணை எழுதி, விலையும் தேதியும் போட்டு ஒரு சீட்டு வாங்குங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் அந்த எண் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும், உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். காப்பீடு, கோமாரித் தடுப்பூசி, சினை ஊசிப் பதிவு எல்லாம் அந்த எண்ணில்தான் நடக்கும்.

அடுத்து காப்பீடு. மருத்துவர் மாட்டைப் பார்த்து மதிப்பும் உடல்நலச் சான்றும் தருவார். வில்லையோடு மாட்டின் படம், ஆதார், வங்கிப் புத்தக நகல் கொடுக்க வேண்டும். மானியக் காப்பீடு அந்த நேரத்தில் ஒதுக்கீட்டில் இருக்கிறதா என்று மருந்தகத்தில் கேளுங்கள். பிரீமியத்தில் பெரும்பங்கை அரசே கட்டும். தவறு நடக்கும் இடம் இரண்டு. வில்லை அறுந்து விழுந்தால் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள், வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. மாடு இறந்தால் அழுதுகொண்டே புதைத்துவிடுகிறார்கள். அன்றே நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகுதான் புதைக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படி ஒரு மாட்டின் மொத்தப் பணமும் போனது.

பால் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகல்கள், படம், சிறிய பங்குத்தொகை. பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான் பால் ஊற்றினேன், கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அதைச் சரிசெய்து பணம் வருவதற்குள் நாற்பது நாள் ஆனது. அந்த நாற்பது நாளும் தீவனத்தைக் கடனில்தான் வாங்கினேன். எனவே முதல் ஒன்றரை மாதத் தீவனத்துக்கு 6,000 ரூபாய் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வேண்டுமானால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கால்நடைக்கான கிசான் கிரெடிட் கார்டு, தீவனம் மருந்து போன்ற பராமரிப்புச் செலவுக்கு. மாடு வாங்குவதற்கு அல்ல. மாடு வாங்கத் தனிக் கடன் கேட்க வேண்டும், அதற்கு வங்கி வேறு காகிதம் கேட்கும். இது தெரியாமல் நான் மூன்று முறை வங்கிக்கு நடந்தேன்.

5. தீவனம்: பாலை அளந்து போடுங்கள்

கலப்புத் தீவனத்துக்கு எளிய அளவு இருக்கிறது. லிட்டர் பாலுக்கு 400 கிராம். 10 லிட்டர் கறக்கும்போது 4 கிலோ, 5 லிட்டர் கறக்கும்போது 2 கிலோ. பசும்புல் இல்லாவிட்டால் உடம்புக்கென்று இன்னும் ஒன்றரை கிலோ சேர்க்க வேண்டும். பசும்புல் நன்றாக இருந்தால் இந்த ஒன்றரை கிலோவைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

50 கிலோ மூட்டை எங்கள் ஊரில் 1,250 ரூபாய், கிலோ 25. ஒன்றரை கிலோ என்றால் நாளுக்கு 37 ரூபாய் 50 காசு. ஒரு லிட்டர் பால் முழுதாக அதற்கே போய்விடுகிறது. முதல் ஈத்தில் இதை 425 நாளும் போட்டேன். பெரிய கொடுமை என்னவென்றால், பால் நான்கரை லிட்டருக்கு இறங்கிய பிறகும் பழக்கத்தில் நான்கு கிலோவே சில வாரங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு நாள் பாலை அளந்து, அதற்கேற்பத் தீவனத்தைக் குறையுங்கள் அல்லது கூட்டுங்கள். டப்பாக் கணக்கில் போடாமல் ஒருமுறை தராசில் நிறுத்து, டப்பாவில் கோடு போட்டு வையுங்கள். என் டப்பா ஒரு கிலோ என்று நினைத்திருந்தேன், 1,300 கிராம் பிடித்தது.

தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம் மறக்காமல் போடுங்கள். கிலோவுக்கு நூறு ரூபாயை ஒட்டி வரும் செலவு இது. இதை விட்டால் மாடு பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். உலர்தீவனம், வைக்கோலோ சோளத்தட்டோ, நாளுக்கு 4, 5 கிலோ வேண்டும். அறுவடைச் சமயத்தில் மொத்தமாக வாங்கிப் போர் போட்டால் பாதி விலை. தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். இரண்டு வேளை மட்டும் தண்ணி காட்டும் வீட்டில் பால் குறைவதை நானே பார்த்திருக்கிறேன்.

மீந்த சோற்றை மட்டும் கொட்டாதீர்கள். கல்யாணம், பொங்கல் மறுநாள் கால்நடை மருந்தகத்தில் வயிறு உப்பிய மாடுகள் வரிசையில் நிற்கும். சோறும் கஞ்சியும் வயிற்றில் புளித்து மாட்டைக் கொன்றுவிடும்.

வற்றிய 60 நாளில் தீவனத்தை முழுதாக நிறுத்தும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. பால் இல்லையே, எதற்குப் போடுவது என்பார்கள். அந்த நாட்களில் நாளுக்கு 2 கிலோ போட்ட ஈத்தில் மாடு முதல் வாரத்திலேயே முந்திய ஈத்தைவிட ஒரு லிட்டர் கூடக் கறந்தது.

6. கறவை: விலை கடைசிப் பாலில் இருக்கிறது

சங்கத்தில் அறிவிக்கும் விலை எல்லாப் பாலுக்கும் கிடைக்காது. 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தபோது பசும்பால் 38, எருமைப்பால் 47 என்று செய்தி வந்தது. ஆனால் அது குறிப்பிட்ட கொழுப்பும் எஸ்.என்.எஃப். என்ற இதர சத்தும் உள்ள பாலுக்கு. குறைந்தால் விலையும் குறையும். எனக்கு முதல் மூன்று மாதம் 31 ரூபாய்தான் விழுந்தது. சீட்டில் கொழுப்பு 3.4, இதர சத்து 7.9. நான் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. அளப்பவர் ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன்.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒரு நாள் நான் கறப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்மிணி, நல்ல பாலையெல்லாம் கன்னுக்கு விட்டுப்போட்டுத் தண்ணிப் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோறியா?" என்றார். நான் முதலில் கறந்துவிட்டு, மடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கன்றை விட்டுக்கொண்டிருந்தேன். முதல் பீச்சலில் கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். கடைசியில் வரும் பாலில் ஐந்துக்கு மேல் போகும். அந்தக் கொழுப்பு அத்தனையும் கன்றின் வயிற்றுக்குப் போயிற்று. கன்றுக்கு அவ்வளவு கொழுப்பு தேவையும் இல்லை, கழிச்சல்தான் வந்தது.

மறுநாளிலிருந்து கன்றை ஒரு நிமிடம் ஊட்டவிட்டு மாடு பால் இறக்கியதும் பிரித்துக் கட்டினேன். பால் இறங்கிய பிறகு ஏழு நிமிடத்துக்குள் நான்கு காம்பையும் ஒட்டக் கறந்துவிட வேண்டும், அதற்கு மேல் மாடு பாலை அடக்கிவிடும். கன்றுக்கு அளந்து பாத்திரத்தில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கொழுப்பு 4.1. விலை 34 ஆனது.

இதர சத்து ஏறுவதற்கு வேறு வழி. மாட்டின் வயிறு நிறையாவிட்டாலும் மடிநோய் உள்ளுக்குள் இருந்தாலும் அது இறங்கும். பசும்புல் வந்த பிறகுதான் எனக்கு 8.3 தொட்டது. இன்னொன்று, சங்கத்தில் மாதிரி எடுக்கும் முன் பாலைக் கேனிலேயே நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். நடந்து போவதற்குள் ஆடை மேலே ஏறியிருக்கும், அடியில் முகந்தால் கொழுப்பு குறைவாகக் காட்டும். தினமும் சீட்டு வாங்கி வையுங்கள். திடீரென்று இரண்டு நாள் இதர சத்து இறங்கினால் மடியைச் சந்தேகப்படுங்கள்.

மடிநோய்க்கு என் முதல் ஈத்தில் ஒன்பது நாள் பாலும் 2,800 ரூபாயும் போயின. ஊசி போட்ட மாட்டின் பாலைச் சங்கத்துக்கோ வீட்டுக்கோ ஊற்றக் கூடாது, மருத்துவர் சொல்லும் நாள் வரை கீழேதான் ஊற்ற வேண்டும். இப்போது கறக்கும் முன் மடியைக் கழுவித் துணியால் துடைக்கிறேன், கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைக்கிறேன், உடனே முன்னால் புல் போடுகிறேன். புல் இருந்தால் மாடு அரை மணி நேரம் நின்றே தின்னும். அதற்குள் காம்பின் துளை மூடிக்கொள்ளும். கறந்த கையோடு சாணத்தில் படுத்தால் திறந்த துளை வழியே கிருமி ஏறும். மாடு வற்றும்போது காம்புக்குள் மருந்து ஏற்றுவதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அவசரமென்றால் 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஊர்தி வரும்.

7. எங்கே விற்பது

சங்கத்துக்கு மட்டும் ஊற்றினால் தொந்தரவு இல்லை, விலை குறைவு. வீடுகளுக்கு ஊற்றினால் எங்கள் ஊரில் லிட்டர் 50. இரண்டாம் ஈத்தில் நான்கு வீடு பிடித்தேன், காலையில் ஆளுக்கு ஒரு லிட்டர். மீதியைச் சங்கத்துக்கு ஊற்றினேன். எல்லாவற்றையும் வீடுகளுக்கே விற்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஊருக்குப் போனால் வீடுகள் பால் வேண்டாம் என்பார்கள், மாடு நோயில் விழுந்தால் நீங்கள் இல்லை என்பீர்கள். சங்கம் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். சங்கத்தின் ஊக்கத்தொகையும் ஊற்றிய அளவைப் பொறுத்துத்தான் வரும்.

பால் முழுதையும் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. வெளியே விற்றால் பதிவு செய்ய வேண்டும், ஆண்டுக்கு 100 ரூபாய்தான். வீடுகளுக்கு மாதக் கடனில் ஊற்றுவதைத் தவிர்க்க முடியாது. பத்தாம் தேதிக்குள் கொடுக்காத வீட்டை இரண்டாம் மாதமே விட்டுவிடுங்கள். மாடு வற்றும் இரண்டு மாதத்துக்கு அந்த வீடுகளைப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒப்படைத்தேன், அவர் மாடு வற்றும்போது அவர் வீடுகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

8. நேரம்: நாளுக்கு நாலேகால் மணி நேரம், விடுமுறை கிடையாது

ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதியது. காலை 5 மணிக்குச் சாணம் அள்ளிக் கட்டுத்தரை கழுவ 20 நிமிடம், கறவை 25, வீடுகளுக்கும் சங்கத்துக்கும் போய் வர 40. எட்டு மணிக்குப் புல் அறுத்து, நறுக்கிப் போட ஒரு மணி நேரம். மதியம் தண்ணி, நிழல் மாற்றிக் கட்ட 20. இரண்டே முக்காலுக்கு மறுபடி சுத்தம், கறவை, சங்கம் என்று ஒன்றேகால் மணி. இரவு வைக்கோல் போட 15. ஆக நாலேகால் மணி. சங்கத்தில் பால் எடுக்கும் நேரம்தான் உங்கள் நாளை முடிவு செய்யும். எங்கள் சங்கம் மதியம் மூன்றரைக்கு மூடிவிடும். வெளி வேலைக்குப் போகிறவருக்கு இந்த மூன்று மணிதான் இடிக்கும், காலை அல்ல.

கறவைக்கு ஆள் வைத்தால் மாதம் 1,500. அவர் வராத நாளுக்காகவாவது வீட்டில் இரண்டு பேர் கறக்கப் பழகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே கறக்கும் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலே மாடு மடிநோயில் விழும்.

9. சினை ஊசி: 21 நாள் தவறினால் என்ன போகும்

கன்று போட்டு 60 நாள் ஆனதும் தினமும் காலையும் மாலையும் மாட்டின் பின்பக்கம் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும், கத்தும், பால் அன்று குறையும். ஒரே மாடு இருக்கும் வீட்டில் மேலே ஏறிக் காட்ட இன்னொரு மாடு இல்லாததால் இந்த வழும்புதான் அடையாளம். காலையில் பார்த்தால் அன்று மாலை, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை ஊசி. நான் இரண்டு பருவத்தைக் கவனிக்காமல் விட்டேன், ஒருமுறை ஊசி பிடிக்கவில்லை. மூன்று 21 நாள், மொத்தம் 63 நாள். ஊசி போட்ட தேதியைக் கட்டுத்தரைச் சுவரில் கரியால் எழுதி, 21-ஆம் நாளை வட்டமிடுங்கள். அன்று வழும்பு வராவிட்டாலும் 90-ஆம் நாள் சினைப் பரிசோதனை செய்யாமல் நம்பாதீர்கள்.

10. இரண்டு ஈத்தின் கணக்கு

முதல் ஈத்து, 425 நாள். விற்ற பால் 2,150 லிட்டர், சராசரி 32 ரூபாய் 50 காசு, ஏறக்குறைய 70,000. எரு விற்றது 4,000. கலப்புத் தீவனம் 1,700 கிலோ, 42,500. வைக்கோலும் தட்டும் 11,500. மருந்து, ஊசி, தாது உப்பு, காப்பீடு 7,000. மிச்சம் 13,000.

இரண்டாம் ஈத்து, 395 நாள். வீடுகளுக்கு 1,080 லிட்டர், 54,000. சங்கத்துக்கு 1,300 லிட்டர் 36 ரூபாய் வீதம் 46,800. கலப்புத் தீவனம் விலை ஏறியும் 1,280 கிலோ, 33,300. வைக்கோல் 8,500. புல் காட்டுக்கு 3,500, மருந்தும் காப்பீடும் 5,500. எருவைப் புல்லுக்கே போட்டேன். மிச்சம் 50,000. மாதத்துக்கு 3,850 ரூபாய் அளவு வருகிறது, என் நேரத்தைப் பார்த்தால் மணிக்கு 30 ரூபாய். மாட்டின் விலையை இதில் கழிக்கவில்லை. கடனில் வாங்கியிருந்தால் தவணை இதிலிருந்துதான் போக வேண்டும், அப்போது முதல் ஈத்துக்கு நீங்கள் கையிலிருந்து போட நேரிடும்.

11. இரண்டாவது மாடு எப்போது

இரண்டையும் ஒன்றாக வாங்காதீர்கள். ஒன்றாக ஈன்ற மாடு ஒன்றாகவே வற்றும், இரண்டு மாதம் வீட்டில் பாலே இருக்காது. முதல் மாடு ஈன்று ஆறு மாதம் ஆகி, சினை உறுதியான பிறகு, புதிதாக ஈன்ற இரண்டாவதை வாங்குங்கள். முதல் மாடு வற்றும் நேரத்தில் இரண்டாவது இன்னும் நல்ல கறவையில் இருக்கும், வீடுகளுக்குப் பால் நிற்காது. நேரம் இரட்டிப்பாகாது. சங்கத்துக்கு ஒரே நடைதான், சுத்தம் செய்வதும் சேர்ந்தே முடியும். ஒன்றேகால் மணிதான் கூடுகிறது. 12 சென்ட் புல்லும் தண்ணீர் இருக்கும் மாதங்களில் இரண்டுக்கும் போதும், கோடையில் மட்டும் தட்டுப் போரைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும்.

வீட்டுக் கன்றையே வளர்த்து இரண்டாவது மாடாக்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். கிடேரி நன்றாக வளர்ந்தாலும் முதல் கன்று ஈனவே இரண்டரை வயதாகும். அதை வளர்க்கட்டும், ஆனால் அதை நம்பி இரண்டாவது மாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். நான் இரண்டாவதை ஆடியில் வாங்கினேன், மூன்று கறவை பார்த்து, 54,000-க்கு. முதல் மாடு மார்கழியில் வற்றும். அந்த இரண்டு மாதத்துக்கு நான்கு வீட்டுக்கும் ஊற்ற இதன் காலைப் பாலே போதும்.